பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எதை மறைப்பது?

கேள்வி: பிளஸ் டூ ஃபேர்வெல் டி-ஷர்ட்டுக்கு ஆளுக்கு 450 ரூபாய். அம்மா போன்ல இருந்து ஜிபே பண்ணிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை கிளாஸ் குரூப்ல போடச் சொல்றாங்க, குரூப்ல 60 பேர் இருக்காங்க. அதுல அப்படி என்ன தெரிஞ்சிடும்? எதை மறைச்சா போதும்?

பதில்:

பயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அந்தப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அம்மாவின் கணக்கிலிருந்து யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. யுபிஐயில் பணம் வெளியே போக வேண்டுமானால் வங்கியில் பதிவான எண்ணின் சிம் உள்ள போன் வேண்டும், யுபிஐ பின்னும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் இல்லை. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தாலும் அதை வைத்து நேரடியாக எதுவும் செய்துவிட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு போன் போட்டு ஏமாற்ற நினைப்பவனுக்கு, அவர் நம்பும்படி பேசத் தேவையான அத்தனை விவரமும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது. 60 பேரும் நண்பர்கள்தானே என்று தோன்றும். ஆனால் வாட்ஸ்அப் படங்கள் பல போன்களில் தானாகவே கேலரிக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து கிளவுட் பேக்கப்புக்குப் போகும், வேறு குரூப்புக்கு ஃபார்வர்டு ஆகும், பழைய போனை விற்கும்போது அழிக்காமல் விட்டால் அதோடும் போகும். 60 பேரையும் நம்பினாலும் 60 போன்களையும் நம்ப முடியாது.

இனி ரசீதை மேலிருந்து கீழே பார்ப்போம். ஜிபேயில் ஒரு தனிநபருக்குப் பணம் அனுப்பினால் மேலே வாங்கியவரின் பெயரும், பெரும்பாலும் அவருடைய போன் நம்பரும் இருக்கும். இதை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் போடும் படத்தில் பணம் வசூலிக்கும் தோழியின் நம்பரும் சேர்ந்தே வெளியே போகிறது. அவளும் தன் அப்பாவின் கணக்கில்தான் வாங்குகிறாள் என்றால், அது அவள் அப்பாவின் நம்பர். உங்கள் பக்கத்தை மட்டும் மறைத்தால் பாதி வேலைதான் முடிந்தது.

கொஞ்சம் கீழே அனுப்பியவரின் பெயர், வங்கியின் பெயர், அதன் கீழே யுபிஐ ஐடி. மறைக்க வேண்டியவற்றில் முதலிடம் இந்த ஐடிக்குத்தான். ஜிபே தானாக உருவாக்கும் ஐடி பெரும்பாலும் அந்த போனில் உள்ள ஜிமெயில் முகவரியின் முன்பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளும். `m*****1981@okaxis` என்று இருந்தால், `@` குறிக்குப் பின்னால் `gmail.com` சேர்த்தாலே அம்மாவின் மின்னஞ்சல் கிடைத்துவிடும். 1981 பிறந்த ஆண்டாக இருக்கவும் வாய்ப்புண்டு. போன்பேயில் இன்னும் வெளிப்படை: வழக்கமாகக் கிடைக்கும் ஐடி `98XXXXXX21@ybl` என்பதுபோல் முழு போன் நம்பரையே முன்னால் வைத்திருக்கும்.

பெயரை அழித்துவிட்டு ஐடியை விட்டுவைப்பதில் பயனே இல்லை. எந்த யுபிஐ செயலியில் அந்த ஐடியைத் தட்டினாலும், பணம் அனுப்பும் முன்பே கணக்கு யாருடையது என்று பெயர் வந்துவிடும். 2025 ஜூன் 30 முதல் வங்கியில் பதிவான பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ விதித்திருக்கிறது. தவறான ஆளுக்குப் பணம் போகாமல் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் அதனாலேயே ஒரு ஐடியிலிருந்து முழுப்பெயருக்குப் போவது சில நொடி வேலையாகிவிட்டது. `@okaxis`, `@okhdfcbank` போன்ற வால் பகுதியைப் பார்த்து அம்மாவின் வங்கி அதுதான் என்று நினைக்க வேண்டாம். அவை ஜிபேயோடு கூட்டு வைத்துள்ள வங்கிகளின் பெயர்கள். உண்மையான வங்கி எது என்பதை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வரி சொல்லும். அதனால் அந்த வரியும் மறைக்க வேண்டியதே.

அடுத்து `UPI transaction ID` என்று ஒரு 12 இலக்க எண் இருக்கும். சில செயலிகளில் `UTR` என்று போட்டிருக்கும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக உருவாகும் எண் இது. பணம் வந்ததா இல்லையா என்று வங்கி தேடிப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். பெரும்பாலும் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 2026 பிப்ரவரி 3-ஆம் தேதி அனுப்பிய பணம் என்றால் எண் 6034 என்று தொடங்கும். ஜனவரியின் 31 நாள், பிப்ரவரியில் 3 நாள், ஆக 34-ஆவது நாள். தேதியை மட்டும் அழித்துவிட்டு இந்த எண்ணை விட்டால் தேதியையும் சேர்த்தே விட்டதாகத்தான் அர்த்தம்.

இந்த எண்ணை வைத்துப் பணம் திருட முடியாது, ஆனால் "நான் கட்டிவிட்டேன்" என்ற உங்கள் பேச்சைத் திருடலாம். கல்லூரி சிம்போசியம், கேமிங் டோர்னமென்ட் போன்றவற்றின் பதிவுப் படிவங்களில் பரிமாற்ற எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும்தான் கேட்பார்கள். குரூப்பில் கிடக்கும் உங்கள் எண்ணை வேறொருவர் முதலில் தன் பெயரில் போட்டுவிட்டால், நீங்கள் போடும்போது "இந்த எண் ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று வந்து நிற்கும். வசூலித்தவர் தன் வங்கிக் கணக்கில் அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தீரும் தகராறுதான். ஆனால் அங்கே இருப்பது உங்கள் பெயர் இல்லை, அம்மாவின் பெயர். அது உங்கள் அம்மாதான் என்று விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

இந்தத் துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் 450 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். படம் எங்கோ கசிந்து ஒருவன் கையில் கிடைக்கிறது. ஐடியிலிருந்தோ, அம்மாவின் பெயரைத் தேடியோ போன் நம்பர் கிடைக்கிறது. இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு ஓர் அழைப்பு: "வணக்கம் மேடம், பேமென்ட் ஆப் கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம். மூணாம் தேதி சாயந்திரம் ஏழரை மணிக்கு 450 ரூபாய் அனுப்பியிருக்கீங்க. உங்க அக்கவுன்ட் நம்பர் இந்த நாலு எண்ல முடியுது, சரிங்களா? டிரான்ஸாக்ஷன் நம்பர் 6034-ல ஆரம்பிக்குது, ஆப்ல பாருங்க. அந்த அமவுன்ட் ரெண்டு தடவை பிடிச்சிருக்கு, ரீஃபண்ட் போடணும்."

அம்மா செயலியைத் திறந்து பார்க்கிறார். அவன் சொன்ன எல்லாமே சரியாக இருக்கிறது. இவ்வளவு தெரிந்தவன் கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிடுகிறார். அடுத்து ஒரு கியூஆர் கோடோ லிங்க்கோ வரும், அல்லது போன் திரையை அவன் பக்கம் காட்டும் ஒரு செயலியை இறக்கச் சொல்வான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் "பணம் கொடு" என்று யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டதால் மற்ற வழிகள்தான் மிச்சம். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் பின் நம்பர் போடச் சொல்வான். பொய் உடைவது அங்கேதான்: பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது. பின் போட்டால் பணம் வெளியே போகிறது, அல்லது கணக்கு இருப்பைப் பார்க்கிறீர்கள். ரீஃபண்ட் வருவதற்கு நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை இன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், படத்தை மறைத்தாலும் மறைக்காவிட்டாலும்.

ரசீதுக்கு வெளியே உள்ள பகுதியையும் பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் அந்த நொடியில் ஓடிபி வந்தால், திரையின் மேலே எட்டிப் பார்க்கும் அந்தச் செய்தியும் படத்தில் விழும். ரசீதைத் திறக்காமல் அந்தத் தோழியோடு நடந்த பரிமாற்றங்களின் பட்டியலையே படம் எடுத்துவிடுபவர்கள் நிறைய. அதில் போன மாதம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதெல்லாம் இருக்கும். கணக்கு இருப்பு தெரியும் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எதை மறைப்பது என்பது யாரிடம் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. பணம் வசூலிக்கும் தோழிக்கு மட்டும் தனிச் செய்தியில் அனுப்புகிறீர்கள் என்றால் தொகை, தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், 12 இலக்க எண் ஆகியவை வேண்டும். அவள் கணக்கில் பொருத்திப் பார்க்க இவை போதும். ஐடி, வங்கிப் பெயர், கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் எதுவும் அவளுக்குத் தேவைப்படாது. உண்மையில் படமே தேவையில்லை. "450 அனுப்பியாச்சு, அம்மா பேர்ல வரும், நம்பர் இது" என்று எழுதி அனுப்பினால் அவள் தன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்பதால், வசூலிப்பவர் தன் கணக்கில் பார்ப்பதுதான் சரியான வழியும்கூட.

60 பேர் குரூப்பில்தான் போட்டாக வேண்டும் என்றால் தொகை, தேதி, `Completed` என்ற வரி, 12 இலக்க எண்ணில் கடைசி நான்கு மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் போகட்டும். உங்கள் பெயரைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட நினைத்தால், போடாதீர்கள். அங்கே காட்டத் தேவையான வரி என்று எதுவுமே இல்லை.

பணம் பிடித்துவிட்டு எதிராளிக்குப் போய்ச் சேரவில்லை என்று புகார் செய்யும் சமயம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. கோபத்தில் ரசீதை அப்படியே எக்ஸ் தளத்தில் போட்டு வங்கியை டேக் செய்வார்கள். அப்படிப் போடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, வங்கியின் லோகோவை வைத்த போலிக் கணக்கிலிருந்து "உங்கள் நம்பரை அனுப்புங்கள், உதவுகிறோம்" என்று பதில் எழுதும் கும்பல்கள் உண்டு. புகாரை அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து செயலிக்குள்ளேயே பதிவு செய்யுங்கள். அங்கே எந்தப் படமும் இணைக்கத் தேவையில்லை, எண் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

இனி எப்படி மறைப்பது. பலர் தோற்பது இங்கேதான்.

கேலரியில் உள்ள ஹைலைட்டரைக் கறுப்பு நிறத்தில் வைத்து இழுப்பது முதல் தவறு. ஹைலைட்டர் மை ஒளி ஊடுருவக்கூடியது. உங்கள் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அடியில் உள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் மெல்லிய நிற வேறுபாடு மிஞ்சியிருக்கும். எடிட்டரில் பிரைட்னஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் முழுக்க ஏற்றினால் எண்கள் மேலே வந்துவிடும். ஐபோனின் மார்க்கப்பில் உள்ள மார்க்கரும் இதே ரகம்.

மங்கலாக்குவது இரண்டாவது தவறு. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் எண்களுக்கு இது ஆகாது. ஒரு இடத்தில் வரக்கூடியது 0 முதல் 9 வரை பத்தே வடிவங்கள். அந்தச் செயலி எந்த எழுத்துருவைப் பயன்படுத்துகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பத்து இலக்கங்களையும் அதே அளவில் எழுதி, அதேபோல் கட்டம் கட்டமாக மங்கலாக்கி, உங்கள் படத்தோடு எது பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். கட்டம் கட்டமாக மங்கலாக்கிய எழுத்தை இப்படி ஒப்பிட்டு மீட்கும் டெபிக்ஸ் என்ற இலவசக் கருவி 2020-லேயே வந்துவிட்டது.

கிராப் செய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அதிலும் ஒரு பழைய கதை உண்டு. கூகுள் பிக்சல் போன்களில் இருந்த மார்க்கப் கருவியில் ஒரு பிழை இருப்பது 2023 மார்ச்சில் வெளியே வந்தது. வெட்டிய படத்தைச் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதும், ஆனால் மிச்சமுள்ள வாலை வெட்டாது. அதனால் வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதி கோப்பின் கடைசியில் அப்படியே கிடந்தது, அதை மீட்கவும் முடிந்தது. பிழையைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்கள் தாமாகச் சரியாகிவிடாது. ஐபோனில் இது பிழையாக இல்லாமல் வசதியாகவே இருக்கிறது: வெட்டிய படத்தை எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம். ஏர்டிராப்பில் `All Photos Data` என்ற தேர்வை வைத்து அனுப்பினால் வெட்டாத மூலமும் கூடவே போகும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி வேலை செய்யும் முறை ஒன்று இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் ரசீதின் மேலேயும் கீழேயும் தேவையில்லாததைக் கிராப் செய்யுங்கள். நடுவில் மிச்சமிருக்கும் ஐடி, வங்கி, நம்பர் ஆகிய வரிகளின் மேல் முழுக்க நிரப்பிய கறுப்புச் செவ்வகத்தை வையுங்கள். ஐபோனில் மார்க்கப்பைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் செவ்வகம் கிடைக்கும். உள்ளே நிறம் நிரப்பியதாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் செவ்வகம் இல்லாவிட்டால் சாதாரண பேனாவை மிகத் தடிமனாக்கி ஒரே இழுப்பில் இழுங்கள். எழுத்தின் அளவுக்குச் சரியாக இழுக்காமல் வரியின் இரண்டு ஓரத்தையும் தாண்டி இழுத்தால், எத்தனை எழுத்து மறைந்திருக்கிறது என்பதும் தெரியாது. பிறகு அந்தப் படத்தைத் திரை முழுக்க வைத்து, அதை மறுபடியும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த இரண்டாவது படத்தைத்தான் அனுப்ப வேண்டும். திரையில் தெரிந்த புள்ளிகள் மட்டுமே அதில் இருக்கும். வெட்டிய பகுதி, பழைய அடுக்கு எதுவும் அதற்குள் ஒளிந்திருக்க வழியில்லை. அனுப்பும் முன் பெரிதாக்கி, பிரைட்னஸை ஏற்றி ஒருமுறை பாருங்கள்.

அனுப்பும்போது டாக்குமென்டாக இல்லாமல் சாதாரணப் படமாக அனுப்புங்கள். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பின் பெயரும் கூடவே போகும். பல ஆண்ட்ராய்டு போன்கள் ஸ்கிரீன்ஷாட்டின் பெயரிலேயே தேதி, நொடி வரை நேரம், எந்தச் செயலி என்பதையெல்லாம் எழுதிவைக்கும்.

கியூஆர் கோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசூலிக்கும் தோழி தன் கோடைக் குரூப்பில் போட்டிருப்பாள். அதற்குள் இருப்பது இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=(யுபிஐ ஐடி)&pn=(பெயர்)&cu=INR
```

ஐடியும் பெயரும் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன, எந்தப் பூட்டும் கிடையாது. கோடின் நடுவில் ஒரு எமோஜியை ஒட்டிவிட்டால் மறைந்துவிடும் என்று நினைப்பது தவறு. சேதமானாலும் படிக்க வேண்டும் என்றே கியூஆர் கோடில் கூடுதல் தகவல் சேர்த்திருப்பார்கள். உருவாக்கிய விதத்தைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை கெட்டுப்போனாலும் மீட்டுவிடலாம். வசூல் முடிந்ததும் கோடை அழித்துவிடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே முழுப் படத்தையும் போட்டுவிட்டீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரை வேலை செய்யும். குரூப் அட்மினாலும் அதை அழிக்க முடியும். அவரவர் கேலரியில் சேமித்துவைத்தது அப்படியேதான் இருக்கும். அதனால் அம்மாவின் ஜிபேயில் புரொஃபைலுக்குள் வங்கிக் கணக்கைத் திறந்து, யுபிஐ ஐடிகளை நிர்வகிக்கும் இடத்தில் புதிய ஐடி ஒன்றைச் சேர்த்துவிட்டு, வெளியே போன பழையதை நீக்கிவிடுங்கள். எங்காவது தானாகப் பணம் கட்டும் ஏற்பாடு பழைய ஐடியில் இருக்கிறதா என்று நீக்கும் முன் அவரிடம் கேளுங்கள். போன் நம்பரை மாற்ற முடியாது. ஆகவே அடுத்த சில வாரங்களுக்கு அந்த 450 ரூபாயைப் பற்றி யார் பேசினாலும் பதில் சொல்லாமல் அழைப்பைத் துண்டிக்கும்படி சொல்லிவையுங்கள். பின் போட்டுப் பணம் போயேவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன்பே தகவல் போனால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. அப்போது அவர்கள் முதலில் கேட்பவற்றில் ஒன்று, பணம் பறிபோன அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்.